அப்பத்தாவின் படத்தைப் பென்சில் ஓவியமாக்க மூன்று வழிகள்

காரைக்குடி வீட்டுப் பட்டாலையில் முன்னோர் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கின்றன. அதில் அப்பத்தாவின் படம் மட்டும் பழுப்பேறி, ஓரத்தில் பூசணம் பிடித்துவிட்டது. இந்த ஆண்டுப் படைப்புக்குள் அதைப் பென்சில் ஓவியம் போல மாற்றித் தரும்படி பெரியப்பா கேட்டார். ஒரே படத்தை மூன்று வழிகளில் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றும் கொடுத்த முகங்கள் மூன்று விதம்.

எந்த வழியானாலும் முதல் வேலை ஒன்றுதான். படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்தேன். படத்தில் ஒன்றரை அங்குல அகலமே இருந்த முகம் 900 பிக்சல் ஆனது. கருப்பு வெள்ளைக்கு மாற்றும்போது சிவப்பு அலைவரிசையை மட்டும் எடுத்துக்கொண்டேன். பழுப்புக் கறை நீல அலைவரிசையில் கருப்பாகத் தெரியும், சிவப்பில் ஏறக்குறைய மறைந்துவிடும். இதைச் செய்யாமல் விட்டால் பிறகு கறை ஒவ்வொன்றும் பென்சில் தீற்றலாக வந்து நிற்கும்.

முதல் வழி பலரும் அறிந்தது. ஜிம்ப் மென்பொருளில் படத்தின் நகல் அடுக்கு ஒன்றை எடுத்து, `Invert` செய்து, `Gaussian Blur` கொடுத்து, அடுக்கின் முறையை `Dodge` என மாற்றினால் இரண்டு நிமிடத்தில் கோட்டோவியம் வந்துவிடும். நிரலில் செய்பவர்களுக்கு மூன்றே வரி:

```python
g = img[:, :, 2]
b = cv2.GaussianBlur(g, (0, 0), 12)
kodu = cv2.divide(g, b, scale=255)
```

கடைசி வரியைப் பார்த்தால் இந்த வழியின் பலமும் குறையும் புரிந்துவிடும். ஒவ்வொரு புள்ளியும் தன்னைச் சுற்றியுள்ள சராசரியால் வகுக்கப்படுகிறது. வெளிச்சம் விழும் கன்னத்தில் புள்ளி 150, சுற்றுப்புறமும் 150 என்றால் விடை தூய வெள்ளை. நிழல் விழுந்த மறு கன்னத்தில் புள்ளி 80, சுற்றுப்புறமும் 80 என்றால் அங்கும் தூய வெள்ளைதான். சுருக்கம் விழுந்த இடத்தில் மட்டும், 80-க்கு நடுவே 60 இருப்பதால், 191 என்ற சாம்பல் கோடு கிடைக்கிறது. அதாவது விளிம்புகள் தங்குகின்றன, நிழல் முழுவதும் போய்விடுகிறது. அப்பத்தாவின் கண்டாங்கிச் சேலைக் கட்டங்களும் வைரத்தோடும் அருமையாக வந்தன. முகமோ சுருக்கங்கள் மட்டும் மிதக்கும் வெள்ளைத் தாளாகிவிட்டது. பழைய படத்தின் கீறல்களும் விளிம்புகள்தானே? அவையும் கோடாகப் பதிந்தன.

மங்கலின் அளவைக் கூட்டினால் நிழல் திரும்பும் என்று நினைத்து 12-ஐ 40 ஆக்கினேன். மூக்கோரத்தில் கொஞ்சம் நிழல் வந்தது. கூடவே தலையைச் சுற்றி ஒளிவட்டம் போல ஒரு வெளுப்பும் வந்துவிட்டது. 4-க்குக் குறைத்தால் முடியும் நகையும் மட்டுமே மிஞ்சின. முகங்களுக்கு இந்த வழி தனியாகப் போதாது என்பதே என் முடிவு. வீட்டின் முகப்பை இதே வழியில் செய்து பார்த்தபோது தூணும் சுதை வேலைப்பாடும் அச்சு அசலாக வந்தன. கட்டடம் முழுக்க விளிம்புகளால் ஆனது என்பதால் அதற்கு இதுவே போதும்.

இரண்டாவது வழி ஆயத்த வடிகட்டி. ஜிம்பில் சேர்த்துக்கொள்ளும் ஜிமிக் தொகுப்பில் `Pencil Portrait` என்று ஒன்று இருக்கிறது. முதல் வழியைவிட மென்மையான முகம் தந்தது. ஆனால் முகம், சேலை, பின்திரை எல்லாவற்றுக்கும் ஒரே கை ஒரே அழுத்தத்தில் வரைந்த தோற்றம். அவசரத்துக்கு ஆகும். சுவரில் நெடுநாள் தொங்கப்போகிற படத்துக்கு நான் கொடுக்கமாட்டேன்.

மூன்றாவது வழிக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் பிடித்தது, ஆனால் இதுதான் ஓவியமாக நின்றது. முதல் வழியில் கிடைத்த கோட்டை ஒரு அடுக்காக வைத்துக்கொண்டு, தொலைந்த நிழலைத் தனி அடுக்காகத் திருப்பிக் கொண்டுவருவதுதான் இதன் கணக்கு. கீறல்களை முதலிலேயே `Heal` கருவியால் அடைத்தேன். படத்தை ஏ4 அளவுக்கு, 2480-க்கு 3508 பிக்சலாகப் பெரிதாக்கினேன். மூலப் படத்தின் இன்னொரு நகலை லேசாக மங்கலாக்கி, `Levels` கொண்டு நெற்றியும் கன்னமேடும் வெள்ளையாகும்வரை வெளுக்கவைத்து, `Multiply` முறையில் கோட்டுடன் சேர்த்தேன். பிறகு `Smudge` கருவியின் `Rate` அளவை 30 அருகே வைத்துக் கையால் தேய்த்தேன். கன்ன எலும்பிலிருந்து தாடைக்கு, மூக்குத் தண்டிலிருந்து கண்குழிக்கு என்று சதை வளையும் போக்கிலேயே தேய்க்க வேண்டும். தாடைக் கோட்டைத் தாண்டிக் கழுத்துக்குள் இழுத்துவிட்டால் முகம் உருகியது போலாகிவிடும். நான் ஒரு முறை இழுத்துவிட்டுத் திரும்பச் செய்தேன்.

தாளின் சொரசொரப்பில்தான் பெரும்பாலான படங்கள் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. பென்சிலின் கரி தாளின் மேடுகளில் ஒட்டும், பள்ளங்கள் வெள்ளையாக நிற்கும். விரலாலோ காகிதச் சுருளாலோ தேய்த்தால் கரி பள்ளத்துக்குள்ளும் இறங்கி வெள்ளைப் புள்ளிகள் அடைபடும். ஆக, தீற்றிய இடத்தில் சொரசொரப்பு தெரிய வேண்டும், தேய்த்த இடத்தில் மங்க வேண்டும், வெறும் தாளில் தெரியவே கூடாது. சொரசொரப்பு அடுக்கை `Multiply` முறையில் படம் முழுவதும் போர்த்தினால் வெறும் தாளும் அழுக்காகிப் பழைய செய்தித்தாள் போலாகும்.

கடையில் வாங்கிய கார்ட்ரிட்ஜ் தாளில் 4பி பென்சிலைப் படுக்கவைத்து ஒரே சீராகத் தீற்றி, 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்தேன். `Levels` மூலம் கரியை முழுக் கருப்பாக்கி, அந்தப் படத்தை `Screen` முறையில் மேலே வைத்தேன். இந்த முறையில் கருப்பு எதையும் மாற்றாது, பள்ளத்தின் வெள்ளைப் புள்ளிகள் மட்டும் கரியின் மேல் துளைபோடும். வெள்ளைத் தாள் வெள்ளையாகவே இருக்கும். அந்த அடுக்குக்கு முகமூடி சேர்த்து, தேய்த்த கன்னத்திலும் கழுத்திலும் கால்பங்குக்குக் குறைத்தேன். கண்மணியிலும் கொண்டையின் ஆழத்திலும் குறைத்தேன், அழுத்தி வரைந்த இடத்திலும் பள்ளம் நிரம்பிவிடும் என்பதால். பெரிதாக்கிய பிறகே இதைச் சேர்க்க வேண்டும். சிறிய படத்தில் சேர்த்துவிட்டுப் பெரிதாக்கினால் புள்ளிகளும் பெருத்து, முகம் உப்புத்தாள் போல் ஆகிவிடும்.

சரிபார்க்க எளிய வழி, படத்தை நூறு விழுக்காட்டில் வைத்துக் கன்னத்தையும் முடியையும் மாறி மாறிப் பார்ப்பது. இரண்டிலும் ஒரே அளவில், ஒரே நெருக்கத்தில் புள்ளிகள் இருந்தால் தேய்ப்பு பொய்யாகத் தெரியும். இன்னொன்று கருப்பின் ஆழம். பென்சில் கரி ஒருபோதும் முழுக் கருப்பாகாது. எல்லாம் முடிந்தபின் அடுக்குகளை ஒன்றாக்கி `Levels` வெளியீட்டின் கீழ் எல்லையை 45-க்கு உயர்த்தினேன். கொண்டை அதுவரை மசி கொட்டியது போலிருந்தது, அதன் பிறகுதான் முடியாகத் தெரிந்தது.

மூன்றையும் பளபளப்பில்லாத தடித்த தாளில் அச்சிட்டுப் பெரியப்பாவிடம் காட்டினேன். முதல் படத்தின் தோட்டைப் பாராட்டினார், மூன்றாவதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த அச்சின் மேலேயே புருவத்திலும் கண்மணியிலும் நிஜ 4பி பென்சிலால் இரண்டு தீற்றல் போட்டுக் கொடுத்தேன். வெளிச்சத்தில் சாய்த்தால் அந்த இடங்களில் மட்டும் கரி மினுங்குகிறது.