பணியாரக்கல் கமிஷன்: 31 ஆர்டர் 8 ஆன கதை

காரைக்குடியில் இருந்துகொண்டு இரும்புப் பணியாரக்கல்லைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எந்தக் கல்லில் நடுக்குழி முதலில் கருகுகிறது, ஏழு குழிக் கல் சின்ன பர்னரில் சரிப்படுமா, புதுக் கல்லை வடிகஞ்சி ஊற்றி எத்தனை நாள் பழக்க வேண்டும், இவைதான் என் விஷயம். ஒவ்வொரு கல்லையும் வாங்கி, குறைந்தது பத்து ஈடாவது வார்த்துப் பார்த்த பிறகே எழுதுவேன். பக்கத்தில் வாங்குவதற்கான இணைப்பு இருக்கும். அதன் வழியாக வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும். அதைப் பக்கத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடுவேன்: "இங்குள்ள இணைப்பு வழியாக நீங்கள் வாங்கினால் விற்பவர் எனக்குக் கமிஷன் தருவார். உங்களுக்கு விலை கூடாது."

சென்ற ஆண்டு ஒரு பணியாரக்கல் விற்பனையாளர் நேரடியாகத் தொடர்பு கொண்டார். அவர் பெயரை நான் இங்கே சொல்லவில்லை. பெரிய சந்தைத் தளங்கள் தருவதைவிட அதிகமாக, விலையில் 12% தருவதாகச் சொன்னார். கல் 1,250 ரூபாய், ஆக ஒன்றுக்கு 150 ரூபாய். எனக்கென்று `?ref=kuzhi7` என்று முடியும் ஓர் இணைப்பும், எத்தனை பேர் தட்டினார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று பார்க்கும் டாஷ்போர்டும் கொடுத்தார்கள். வாட்ஸ்ஆப்பில் பேசியதோடு சரி, எழுத்தில் ஒப்பந்தம் கேட்கவில்லை. என் தவறு அங்கேதான் தொடங்கியது.

2025 செப்டம்பரில் 640 பேர் இணைப்பைத் தட்டினார்கள், 31 ஆர்டர். 4,650 ரூபாய் ஒழுங்காக வந்தது.

அந்த மாதக் கடைசியில் அவர்களிடமிருந்து ஒருவர் பேசினார். "மேடம், ரெண்டு சின்ன திருத்தம்தான். அந்த முதல் வரியைக் கீழே கொண்டுபோய் இங்கிலீஷ்ல சின்னதா போட்டுடுங்க. நடுக்குழி கருகும்னு எழுதியிருக்கீங்களே, அதையும் எடுத்துடுங்க."

இரண்டையும் மறுத்தேன். நடுக்குழி கருகுவது உண்மை. சின்ன பர்னரில் தீ முழுக்க நடுவில்தான் விழுகிறது, ஓரக் குழிகள் வெளுத்தே நிற்கின்றன. தீயைக் குறைத்து, கல்லை அவ்வப்போது நகர்த்தி வைத்தால் சரியாகிவிடும் என்றும் அதே இடத்தில் எழுதியிருந்தேன். வாங்குகிறவருக்கு அது தெரியவேண்டும். முதல் வரியைப் பொறுத்தவரை, அது என் விருப்பத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டி, விற்பவரோடு பணத் தொடர்பு இருந்தால் அதைத் தெளிவாக, கண்ணில் படும்படி, பரிந்துரை எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் சொல்லச் சொல்கிறது. தமிழில் எழுதிவிட்டு, அடியில் இங்கிலீஷில் ஒளித்துவைத்தால் அது சொன்னதாகாது.

அக்டோபர் தீபாவளி மாதம். 702 பேர் தட்டியிருந்தார்கள். டாஷ்போர்டில் ஆர்டர் எட்டுதான்.

முதலில் நான் அவர்களைச் சந்தேகப்படவில்லை. போனில் தட்டிவிட்டுக் கணினியில் வாங்குகிறவர்களின் கணக்கு நமக்கு வராது. யார் இணைப்பில் வந்தார்கள் என்று நினைவில் வைக்கும் குக்கீயைச் சில பிரவுசர்கள் தடுத்துவிடும். ஆனால் இவை எல்லா மாதமும் இருக்கிறவை. ஒரே மாதத்தில் இருபதில் ஒன்று எண்பத்தெட்டில் ஒன்றாக விழுவதற்கு இந்தக் காரணங்கள் போதாது.

கோட்டையூர் ஆச்சி ஒருவர் என் பக்கத்தைப் பார்த்து வாங்கியவர். வேறு ஏதோ கேட்கக் கூப்பிட்டபோது, "பரவாயில்ல ஆத்தா, நீ சொன்ன கல்லு அம்பது ரூபா குறைச்சே கிடைச்சது" என்றார். நான் எந்தத் தள்ளுபடியும் அறிவிக்கவில்லையே. எப்படி என்று கேட்டேன். பணம் கட்டப் போகும்போது திரையில் ஒரு பெட்டி வந்து `FIRST50` என்று போடச் சொன்னதாம்.

அன்றிரவே இரண்டு கல் வாங்கினேன். ஒரே போன், ஒரே பிரவுசர், ஒவ்வொரு முறையும் குக்கீயை அழித்துவிட்டு என் இணைப்பிலிருந்தே உள்ளே போனேன். முதல் ஆர்டரில் அந்தப் பெட்டி காட்டிய கூப்பன் கோடைப் போட்டு 1,200 ரூபாய் கட்டினேன். இரண்டாவதில் பெட்டியை மூடிவிட்டு முழு 1,250 கட்டினேன். இரண்டாவது ஆர்டர் ஒரு மணி நேரத்துக்குள் டாஷ்போர்டில் ஏறியது. முதல் ஆர்டர் நான்கு நாள் காத்திருந்தும் வரவில்லை.

கேட்டபோது ஒளிக்காமல் சொன்னார்கள். அவர்கள் மென்பொருளில், இணைப்பும் கூப்பன் கோடும் ஒரே ஆர்டரில் இருந்தால் கூப்பன் யாருடையதோ அவர் கணக்குக்குத்தான் ஆர்டர் போகும். `FIRST50` நிறுவனத்தின் சொந்தக் கோடு. என் இணைப்பில் வந்து, என் எழுத்தை நம்பி, பெட்டியில் கோடைப் போட்டவர்கள் எல்லாம் கடைசி நொடியில் அவர்கள் கணக்குக்கு மாறிவிட்டார்கள். ஐம்பது ரூபாய் கொடுத்து நூற்றைம்பதை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். நான் மறுத்த மறு வாரம்தான் அந்தப் பெட்டி வந்தது. இரண்டுக்கும் முடிச்சுப் போட என்னிடம் சாட்சி இல்லை.

இருந்த எட்டிலும் ஐந்தை "திரும்பி வந்தது" என்று கழித்தார்கள். அந்த ஐந்தில் ஒன்று தேவகோட்டையில் என் நாத்தனார் வாங்கியது. போன ஞாயிற்றுக்கிழமைகூட அந்தக் கல்லில் வார்த்த காரப் பணியாரத்தைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். மீதி மூன்றுக்கு 450 ரூபாய். அதிலும் டிடிஎஸ் என்று 10% பிடித்துக்கொண்டு நவம்பரில் 405 ரூபாய் அனுப்பினார்கள்.

இந்த டிடிஎஸ் விஷயத்தைக் கமிஷன் வாங்குகிற எல்லோரும் பார்க்கவேண்டும். ஒருவரிடமிருந்து நிதியாண்டு முழுக்க வரும் கமிஷன் 20,000 ரூபாயைத் தாண்டாதவரை பிடிக்க வேண்டிய கட்டாயமே இல்லை. தாண்டினாலும், பான் எண் கொடுத்தவருக்கு 2%தான். பிடித்தால் அதை அரசுக்குக் கட்டியிருக்கவேண்டும், கட்டினால், நம் பான் எண்ணில் ஏறிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் தெரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் ஜனவரி 31. பிப்ரவரி பாதி வரை காத்திருந்து பார்த்தேன். அந்த 45 ரூபாய் எங்கேயும் இல்லை. தொகை சின்னதுதான், ஆனால் வரி என்று சொல்லி எடுத்தது எனக்கு மற்ற எதையும்விட உறைத்தது.

நுகர்வோர் உதவி எண் 1915 இதற்கு உதவாது. நான் அங்கே நுகர்வோர் இல்லை, ஒப்பந்தக்காரி. எழுத்தில் எதுவும் இல்லாமல் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் வரவேண்டிய பணத்தைவிடச் செலவுதான் கூடும்.

அடுத்து வந்த விற்பனையாளர்களிடம் மூன்று விஷயங்களை மின்னஞ்சலில் எழுதித் தரக் கேட்டேன். இணைப்பும் கூப்பனும் சேர்ந்து வந்தால் கமிஷன் இணைப்புக்காரருக்கே. திரும்பி வந்ததாகக் கழித்தால் ஆர்டர் எண்ணும் திரும்பிய தேதியும் தரவேண்டும். என் வெளிப்படைக் குறிப்பிலும் கல்லின் குறையை எழுதுவதிலும் அவர்களுக்குச் சொல்ல இடமில்லை. மூன்றாவதைப் படித்துவிட்டு ஒருவர் வேண்டாம் என்று போய்விட்டார், இன்னொருவர் 8%க்கு ஒப்புக்கொண்டார். அந்த 8%தான் எனக்கு நிம்மதி. மாதம் ஒருமுறை நானே ஒரு கல் வாங்கிச் சோதித்தும் பார்க்கிறேன். சோதனைக்கு என் இணைப்பையே தட்டி வாங்குவேன் என்பதையும் அவருக்கு முன்பே எழுதியிருக்கிறேன், அந்த ஆர்டருக்குக் கமிஷன் வேண்டாம் என்றும். இல்லையென்றால் அதையே சாக்காக வைத்துக் கணக்கை மூடிவிடலாம்.

பழைய இணைப்பை எடுத்துவிட்டேன். ஆனால் கல்லைப் பற்றி எழுதியதை மாற்றவில்லை. அது நல்ல கல்தான், நடுக்குழி கருகும்.

அக்டோபரில் என் பக்கம் வழியாக அந்தக் கல்லை வாங்கியவர்கள், அந்தக் கோடைப் போட்டீர்களா இல்லையா என்பதையும் ஆர்டர் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் மட்டும் எனக்கு அனுப்புங்கள். பெயர், முகவரி எதுவும் வேண்டாம். இதுவரை பதினோரு பேர் அனுப்பியிருக்கிறார்கள், அதில் ஒன்பது பேர் கோடு போட்டவர்கள்.