ஓராண்டு இடைவெளி: சம்பளமில்லா விடுப்பா, ராஜினாமாவா, குறைத்த நேர வேலையா?

தக்கலையில் வீடு, நாகர்கோவிலில் ஒரு தனியார் மென்பொருள் நிறுவனத்தில் வேலை என்று வைத்துக்கொள்வோம். வேலையில் சேர்ந்து நாலு வருஷம் நாலு மாசம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை கால் விழுந்துவிட்டது. ஒரு வருஷம் யாராவது கூடவே இருந்தாக வேண்டும். இப்படி ஒருவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. சம்பளமில்லா நீண்ட விடுப்பு ஒன்று. வேலையை விட்டுவிட்டு, திரும்ப எடுத்துக்கொள்வதாக ஒரு கடிதம் வாங்கிக்கொள்வது இன்னொன்று. நேரத்தைக் குறைத்துக்கொண்டு வேலையில் தொடர்வது மூன்றாவது.

அரசு ஊழியருக்கு விடுப்பு விதிகள் என்று ஒரு புத்தகம் இருக்கிறது. தனியாரில், படிப்புக்கோ பெற்றோரைக் கவனிக்கவோ ஒரு வருஷம் விடுப்பு தந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. கிடைப்பதெல்லாம் எழுதி வாங்கியதன் பலம்தான்.

பணத்தில் எது எங்கே குறைகிறது

முதலில் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருஷம் தொடர்ச்சியாக வேலை செய்தால்தான் அது கிடைக்கும். கணக்கு எளிது: கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருஷ எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். 26,000 ரூபாய்க்கு ஒரு வருஷத்துக்கு 15,000. ஐந்து வருஷத்துக்கு 75,000. நம் நண்பர் இன்று ராஜினாமா செய்தால் அந்த 75,000 பூஜ்யம். அடுத்த வருஷம் அதே கம்பெனியில் சேர்ந்தாலும் கணக்கு ஒன்றாம் நாளிலிருந்துதான் ஓடும்.

விடுப்பில் போனால் கதை வேறு. அனுமதித்த விடுப்பால் வேலை நின்றிருந்தாலும் அதைத் தொடர்ச்சியான பணியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது பணிக்கொடைச் சட்டத்தின் வரையறை. ஆகவே விடுப்பில் இருக்கும்போதே அவர் ஐந்து வருஷத்தைத் தாண்டிவிடுவார். ஆனால் பல கம்பெனிகளின் உள்விதியில் ‘நீண்ட விடுப்புக் காலம் பணிக்காலத்தில் சேராது’ என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். பின்னால் வாதாடுவதைவிட, விடுப்பு ஆணையிலேயே ‘இக்காலம் பணிமுறிவாகக் கருதப்படாது’ என்று எழுதி வாங்குவது சுலபம்.

வருங்கால வைப்பு நிதியில் இரண்டு வழியிலும் அந்த ஒரு வருஷம் பணம் ஏறாது. இருக்கும் பணத்துக்கு வட்டி மட்டும் வரும். விடுப்பாக இருந்தால் கம்பெனி ஒவ்வொரு மாதமும் ‘பங்களிப்பு இல்லாத நாட்கள்’ என்று காட்டும். அந்த நாட்கள் ஓய்வூதியக் கணக்கில் கழிந்துபோகும். ஓய்வூதியத்துக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தின் 15,000 ரூபாய் உச்சவரம்பில், ஒரு வருஷம் போனால் பிற்காலத்தில் மாத ஓய்வூதியத்தில் சுமார் 214 ரூபாய் குறையும் (15,000ஐ 70ஆல் வகுத்தால் வருவது). இது தாங்கக்கூடிய இழப்புதான்.

தாங்க முடியாதது, ராஜினாமா செய்தவர்கள் கைச்செலவுக்காக மொத்த பி.எஃப். பணத்தையும் எடுத்துவிடுவது. ஐந்து வருஷத் தொடர் பணி முடியாமல் எடுத்தால் அந்தத் தொகைக்கு வரி உண்டு. ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டால், ஓய்வூதியம் பெறத் தேவையான பத்து வருஷத் தகுதிக்கு அதுவரை சேர்த்த நாலு வருஷமும் போய்விடும். எடுக்காமல் வைத்திருந்து, மறுபடி சேர்ந்ததும் பழைய கணக்கைப் புதியதோடு இணைத்துக்கொண்டால் இரண்டும் தப்பும். இணைக்க, பழைய கம்பெனி வெளியேறிய தேதியைப் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் இழுத்தடித்தால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து உறுப்பினர் தளத்தில் `Manage` பகுதியில் உள்ள `Mark Exit` வழியாக நாமே பதியலாம்.

அடுத்தது மருத்துவக் காப்பீடு. பக்கவாதம் வந்த அப்பா கம்பெனியின் குழுக் காப்பீட்டில் இருந்தால், மூன்று வழிகளையும் பிரித்துப் பார்க்க முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ராஜினாமா செய்தால் பாதுகாப்பு கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்கலாம். ஆனால் அதை ராஜினாமாவுக்கு முன்பே தொடங்க வேண்டும். அவர்கள் உடல்நிலையைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். வெளியே புதிய பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருஷம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம்.

விடுப்பிலும் இதில் ஒரு பள்ளம் உண்டு. குழு பாலிசி வருஷா வருஷம் புதுப்பிக்கப்படும். அப்போது அனுப்பும் ஊழியர் பட்டியலில் நீண்ட விடுப்பில் இருப்பவர் பெயர் விடுபட்டுப் போவது சகஜம். ஆஸ்பத்திரியில் கார்டை நீட்டும்போதுதான் அது தெரியவரும். புதுப்பிக்கும் மாதம் எது, பிரீமியத்தை யார் கட்டுவது என்று ஆணையில் இருக்கட்டும். அந்த மாதம் வந்ததும் புது கார்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

குறைத்த நேரம் யாருக்கு ஒத்துவரும்

கவனிப்பு குறிப்பிட்ட நேரத்தில் வந்தால் இது நல்ல வழி. ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்கு வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக வேண்டும், மற்ற நேரம் அம்மா பார்த்துக்கொள்வார் என்றால் பாதி நேர வேலை போதும். பி.எஃப். நிற்காது, காப்பீடும் பெரும்பாலும் தொடரும். ராத்திரி பகல் ஆள் வேண்டும் என்றால் இது வேலைக்காகாது. மார்த்தாண்டத்திலிருந்து கழக்கூட்டம் டெக்னோபார்க் வரை போய் வருகிறவருக்கும் பயனில்லை: ஒரு வழிக்கே ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் போகிறவர் நாலு மணி நேர வேலைக்கு அலைவதில் அர்த்தமில்லை. வீட்டிலிருந்தே வேலை என்று சேர்த்து எழுதி வாங்கினால் மட்டும் யோசிக்கலாம்.

கடிதத்தில் ‘ஐம்பது சதவீத வேலை’ என்று எழுதினால் சம்பளம் பாதியாகும், வேலை பாதியாகாது. ‘திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 முதல் மதியம் 1 வரை’ என்று மணிக்கணக்கில் எழுத வேண்டும். இன்னொன்று, பலர் கவனிக்காதது: கிராஜுவிட்டி கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும். பாதிச் சம்பளத்தில் இருக்கும்போதே வேலையை விட்டால், முழு நேரம் உழைத்த வருஷங்களுக்கும் சேர்த்துக் கணக்கு பாதியாகிவிடும். விடுவதாக இருந்தால் முழுச் சம்பளத்துக்குத் திரும்பிய பிறகு விடுவதே புத்தி.

படிப்புக்கு இந்த வழி பெரும்பாலும் உதவாது. நேரடி வகுப்பு என்றால் வருகைப்பதிவு உதைக்கும். ஒரு வருஷம் கேட்கும் முன் படிப்பின் நீளத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பி.எட். ஒரு வருஷம் என்று இன்னும் நினைப்பவர்கள் உண்டு. அது இரண்டு வருஷமாகிப் பல காலமாயிற்று. ஒரு வருஷ விடுப்பு வாங்கிப் பாதியில் நிற்பதைவிட, முதலிலேயே இரண்டு வருஷமாகக் கேட்டு மறுக்கப்படுவது மேல்.

திரும்பி வரும் நாளை எழுதுவது எப்படி

விடுப்பு ஆணையில் போகும் தேதியைப் பற்றி ஒரு பக்கம் இருக்கும்; வரும் தேதியைப் பற்றி அரை வரிதான் இருக்கும். அந்த அரை வரி பெரும்பாலும் ‘காலியிடம் இருப்பின் மீண்டும் பணியில் அமர்த்தப்படுவார்’ என்பதாக இருக்கும். இதற்கும் ராஜினாமாவுக்கும் உள்ள வித்தியாசம் பேரில் மட்டும்தான். அந்த வரியை எடுத்துவிட்டு மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும்.

முதலாவது, அதே நிலை, போகும்போது இருந்த சம்பளத்துக்குக் குறையாத சம்பளம், அதே ஊர். ‘அதே பணி’ என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம்; பிராஜெக்ட் ஒரு வருஷம் காத்திருக்காது, எந்த மேனேஜரும் அதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார். ஊரை விட்டுவிட்டால், திரும்பும்போது சென்னைக்கு மாற்றல் போட்டுத் தாமாகவே விலக வைப்பது எளிது.

இரண்டாவது, நடைமுறை. ‘45 நாள் முன்பு எழுத்தில் தெரிவித்தால் குறித்த தேதியில் சேர்த்துக்கொள்ளப்படுவார், பணி ஒதுக்கத் தாமதமானாலும் அந்தத் தேதியிலிருந்து சம்பளம் உண்டு.’ பின்பாதிதான் உயிர். அது இல்லாவிட்டால், ‘பிராஜெக்ட் வந்ததும் கூப்பிடுகிறோம்’ என்று சம்பளமில்லாமல் நாலு மாசம் வீட்டில் உட்கார வைப்பார்கள்.

மூன்றாவது, பணியிடமே இல்லாமல் போனால் என்ன? அதை நிறுவனம் செய்யும் ஆட்குறைப்பாகக் கொண்டு நோட்டீஸ் காலச் சம்பளமும் சேர வேண்டிய மற்றவையும் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் ராஜினாமா கடிதம் கேட்பார்கள்.

கேட்க வேண்டிய காலம், போவதற்கு மூன்று மாதம் முன்பு. மேனேஜரிடம் வாயால் பேசி, மின்னஞ்சலில் உறுதிசெய்து, பிறகு எச்.ஆருக்கு மனு: காரணம், தொடங்கும் தேதி, முடியும் தேதி, யாரிடம் வேலையை ஒப்படைக்கலாம் என்பது, இவ்வளவு போதும். மேனேஜரின் மின்னஞ்சலை மட்டும் நம்ப வேண்டாம், ஒரு வருஷத்தில் அவரே மாறிப்போயிருப்பார். நியமன ஆணையில் கையெழுத்திடும் அதிகாரமுள்ளவர் கையெழுத்து வந்த பிறகே வேலையை ஒப்படைக்க வேண்டும். ‘சிஸ்டத்தில் போட்டாச்சு’ என்றால் போதாது: ஆணை இல்லாமல் சம்பளப் பிடித்தம் மட்டும் போட்டிருந்தால், பின்னால் அதைச் சொல்லாமல் நின்றதாகத் திருப்பிவிட முடியும். முதல் மாதமே பி.எஃப். தளத்தைப் பார்த்துவிடுங்கள். அங்கே வெளியேறிய தேதி விழுந்திருந்தால் உங்களை விடுப்பில் அனுப்பவில்லை, கணக்கை முடித்திருக்கிறார்கள்.

விடுப்பில் இருக்கும்போது பக்கத்துக் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் வேலை என்று சேர்ந்து அங்கும் பி.எஃப். பிடித்தால், ஒரே எண்ணில் இரண்டு நிறுவனமும் ஒரே காலத்தில் தெரியும். திரும்பச் சேர்க்காமலிருக்க அதுவே போதுமான சாக்கு. முன்அனுமதி வாங்கிவிட்டுச் சேருங்கள்.

திரும்பியதும் குழந்தை பெறும் எண்ணம் உள்ள பெண்கள் ஒன்றைக் கணக்கில் வைக்க வேண்டும். சம்பளத்தோடு கூடிய மகப்பேறு விடுப்புக்கு, பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். ஒரு வருஷ விடுப்பு முடிந்த கையோடு பிரசவம் வந்தால் அந்த 80 நாள் நிரம்பாமல் போகலாம்.

நம் தக்கலை நண்பருக்கு விடுப்புதான் சரி. கிராஜுவிட்டி 75,000மும் அப்பாவின் காப்பீடும் அந்தப் பக்கம் நிற்கின்றன. கம்பெனி அந்த மூன்று விஷயங்களில் முதலிரண்டைத் தந்து மூன்றாவதில் இழுத்தால்கூட ஏற்றுக்கொள்ளலாம். சேர்ந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது, பெற்றோர் காப்பீட்டில் இல்லை, கம்பெனியோ ‘காலியிடம் இருப்பின்’ என்பதை விட்டுத்தர மறுக்கிறது என்றால், நோட்டீஸ் கொடுத்து, அனுபவச் சான்றும் கடைசிக் கணக்கும் வாங்கி முறையாக வெளியேறுவதே நல்லது. மறுபடி எடுத்துக்கொள்வதாகத் தரும் கடிதத்தில் கடைசித் தேதியும் சம்பளமும் இல்லாவிட்டால் அதை ஒரு நல்வாழ்த்தாக வைத்துக்கொள்ளுங்கள். வேலை தேடுவதை மட்டும் திரும்புவதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள்.