கிரியேட்டின் 11 மாதம்: முதல் இரண்டு கிலோவை நம்பி நான் இழந்த ஆறு வாரம்

ஜிம்மில் சேரும்போது என் உயரம் 174 செ.மீ., எடை 52 கிலோ. எவ்வளவு சாப்பிட்டாலும் ஏறாத உடம்பு என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். இரண்டாவது மாதம், ஜிம்முக்குப் போகிறவர்கள் தசை பலத்துக்காகக் கலக்கிக் குடிக்கும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் பவுடர் வாங்கினேன். 11 மாதம் தினமும் எடுத்தேன், இன்று 61 கிலோ. ஆனால் அந்த ஒன்பது கிலோவையும் கிரியேட்டின் கணக்கில் எழுதினால் அது பொய்.

ஜிம்மில் ஒரு அண்ணன், "லோடிங் பண்ணு தம்பி, ஒரு வாரம் தினம் 20 கிராம்" என்றார். அதை நான்கு வேளையாகப் பிரித்து எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, வெறும் வயிற்றில் ஒரே தடவையில் 10 கிராம் கலக்கிக் குடித்து அன்று மதியம் முழுக்க வயிற்றுப்போக்கு. அடுத்த நாளிலிருந்து சாப்பாட்டுக்குப் பிறகு 5 கிராம், அவ்வளவுதான். இப்படி எடுத்தால் தசையில் கிரியேட்டின் நிரம்ப மூன்று நான்கு வாரம் ஆகும், லோடிங்கில் ஒரு வாரத்தில் நிரம்பும், கடைசியில் இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. நமக்கு அவசரம் இல்லை.

மூன்றாவது வாரம் 54.1 கிலோ காட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பாடு சரியாக இருக்கிறது, இதுவே போதும் என்று முடிவு செய்துவிட்டேன். அப்புறம் ஆறு வாரம் அதே 54தான், முள் அசையவே இல்லை.

நடந்தது இதுதான். கிரியேட்டின் தசைக்குள் போகும்போது தண்ணீரையும் கூட இழுத்துக்கொண்டு போகிறது. தொடக்கத்தில் ஏறும் ஒன்று இரண்டு கிலோ பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான். கிரியேட்டினில் கணக்கில் எடுக்கும் அளவுக்குக் கலோரியும் இல்லை, அது பசியையும் தூண்டுவதில்லை. அது செய்யும் வேலை வேறு: கனமான செட்டில் தசை சட்டென்று செலவழிக்கும் சக்தியை வேகமாகத் திரும்ப நிரப்புகிறது, அதனால் எட்டு தடவையில் நின்றுபோகும் ஸ்குவாட் ஒன்பது பத்து வரை போகும். அந்தக் கூடுதல் உழைப்பு தசையாக மாற வேண்டுமென்றால் கட்டுவதற்குச் சாப்பாடு வேண்டும். என்னிடம் அதுதான் இல்லை.

மூன்று நாள் சாப்பிட்டதையெல்லாம் எடை போட்டு எழுதினேன். சராசரி 2,100 கலோரி சொச்சம் வந்தது. எடை அசையவில்லை என்றால் அது உபரி இல்லை, உடம்பு செலவழிப்பதும் அவ்வளவுதான். நான் "நிறைய" என்று நினைத்த சாப்பாடு மதியம் மட்டும்தான் நிறைய, காலையில் இரண்டு இட்லி, ராத்திரி இரண்டு தோசை. வயிறு நிறைவதற்கும் கலோரி சேர்வதற்கும் சம்பந்தமே இல்லை என்று அன்றுதான் புரிந்தது. இருந்த சாப்பாட்டை மாற்றாமல், அரை லிட்டர் முழுக்கொழுப்புப் பால், ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம் சேர்த்தேன். இதிலேயே 500 கலோரிக்கு மேல் வந்துவிடும். பாலைக் குடித்துவிடலாம் என்பது ஒல்லியானவர்களுக்குப் பெரிய வசதி, மென்று தின்னும்போது வயிறு சீக்கிரம் போதும் என்றுவிடும். அதற்குப் பிறகு வாரத்துக்குக் கால் கிலோ வீதம் ஏறத் தொடங்கியது. 58-இல் மறுபடி நின்றது, பெரிய உடம்புக்குச் செலவும் கூடத்தானே, இரண்டு முட்டையும் ராத்திரியில் இன்னொரு தோசையும் சேர்த்ததும் நகர்ந்தது.

அதனால் இப்போது புதிதாகக் கேட்பவர்களிடம் நான் சொல்வது: கிரியேட்டின் தொடங்கிய முதல் நான்கு வார எடையை வைத்துச் சாப்பாட்டை எடைபோடாதீர்கள். காலையில் கழிவறை போய்வந்து, சாப்பிடும் முன் தினமும் எடை பாருங்கள், வாரச் சராசரியை மட்டும் எழுதுங்கள். ஐந்தாவது வாரத்துச் சராசரிதான் உங்கள் தொடக்க எடை. அதிலிருந்து இரண்டு வாரம் ஏறவில்லை என்றால் சாப்பாடு குறைவு, பவுடரில் குறை தேட வேண்டாம். மாறாக வாரம் அரை கிலோவுக்கு மேல் ஏறி இடுப்புச் சுற்றளவும் வேகமாகக் கூடினால் கொழுப்பு சேர்கிறது, கொஞ்சம் குறையுங்கள்.

இன்னொன்று, ரத்தப் பரிசோதனை. எட்டாவது மாதம் எனக்கு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க அளக்கும் கிரியேட்டினின் கொஞ்சம் கூடி 1.3 வந்தது, வீட்டில் எல்லோரும் சிறுநீரகம் போய்விட்டது என்று பயந்துவிட்டார்கள். கிரியேட்டின் உடைந்து வருவதுதான் கிரியேட்டினின், அதனால் இதை எடுப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடிக் காட்டலாம். டாக்டரிடம் மறைக்காமல் சொன்னேன், சிஸ்டாட்டின் சி என்ற வேறொரு பரிசோதனை எழுதிக் கொடுத்தார், அது சரியாக இருந்தது. ஏற்கனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் டப்பாவைத் திறக்கவே கூடாது.

இந்த மாதம் 70 கிலோ ஸ்குவாட் ஐந்து தடவை போகிறது. டப்பா தீர்ந்து ஒரு வாரம் ஆகிறது, அடுத்த சம்பளத்துக்குத்தான் வாங்குவேன். தசையில் நிரம்பியது வடிய நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும், அதனால் கவலை இல்லை. பாலையும் கடலையையும் மட்டும் ஒரு நாளும் விடவில்லை.