கல்விக்கடன் ஒப்புதலான பிறகு கல்லூரி மாறுவோர் கவனத்திற்கு

கடந்த கல்வியாண்டில் என் தங்கையின் பொறியியல் சேர்க்கையில் ஒரு சேர்க்கை முகவர் எங்கள் குடும்பத்தை ஏமாற்றினார். கல்விக்கடன் எப்படிக் கைமாறுகிறது என்பது பல குடும்பங்களுக்குத் தெளிவாகத் தெரியாது என்பதை அவர் நன்கு பயன்படுத்திக்கொண்டார். கலந்தாய்வு முடிவுகள் வரும் காலத்தில் இதே பேச்சை வேறு பெற்றோரும் கேட்க நேரும் என்பதால், நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

தங்கைக்கு முதலில் ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் கணினி அறிவியல் இடம் கிடைத்தது. விடுதி உட்பட ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் வீதம் நான்கு ஆண்டுகளுக்கு 6,00,000 ரூபாய் ஆகும் என்று கல்லூரி கொடுத்த கட்டண விவரத்தையும் போனஃபைடு சான்றிதழையும் வைத்து, அப்பா இணைக் கடனாளியாகக் கையெழுத்திட, வங்கி 5,70,000 ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. கடன் 4 லட்சத்தைத் தாண்டினால், உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதத்தை நாம் போட வேண்டும் என்பது இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தில் உள்ள விதி. மீதி 30,000 ரூபாய் அப்படி எங்கள் பங்காக நின்றது. அதையும் மொத்தமாகக் கட்டத் தேவையில்லை. ஒவ்வொரு தவணையோடும் அதற்குரிய பகுதியைக் கட்டினால் போதும். முதல் பருவக் கட்டணம் 75,000 ரூபாயில் அப்பா 3,750 ரூபாய் செலுத்தியதும், வங்கி 71,250 ரூபாயைக் கல்லூரியின் கணக்குக்கு நேராக அனுப்பியது.

இதற்குச் சில வாரங்களுக்குப் பின் கலந்தாய்வில் அரசு ஒதுக்கீட்டில் வேறொரு கல்லூரியில் மின்னணுவியல் இடம் வந்தது. ஆண்டுச் செலவு 1,00,000 ரூபாய்தான் என்பதால் மாறிவிட முடிவு செய்தோம். அப்போதுதான் முகவர் வீட்டுக்கு வந்து, "தம்பி, கடன் உங்க தங்கச்சி பேர்லதானே இருக்கு, எந்தக் காலேஜுக்குப் போனாலும் கூடவே வரும். மிச்சம் இருக்கிற 4,98,750 ரூபாயை அங்க வாங்கிக்கலாம். மாத்துறதுக்கு பேங்க்ல 15,000 ரூபாய் கட்டணும்" என்றார். அந்தத் தொகையை அப்பாவிடம் வாங்கிக்கொண்டார். எழுத்துமூலமாக எதுவும் தரவில்லை.

அவர் சொன்ன எதுவும் உண்மையில்லை. மாதிரித் திட்டத்தின்படி, உள்நாட்டுப் படிப்புக்கான கல்விக்கடனுக்குப் பரிசீலனைக் கட்டணமே வசூலிக்கக் கூடாது. அதைவிட முக்கியமானது, ஒப்புதல் தொகை என்பது நம் பெயரில் ஒதுக்கி வைக்கப்பட்ட பணம் அன்று. இந்தக் கல்லூரியில், இந்தப் படிப்புக்கு, இத்தனை ஆண்டுகளில், இந்தக் கட்டண விவரப்படி கேட்கப்படும் தொகையை அவ்வப்போது தருகிறோம் என்று வங்கி ஒத்துக்கொள்வதே அதன் பொருள். ஒவ்வொரு பருவமோ ஆண்டோ தொடங்கும்போது, கல்லூரியின் கட்டணக் கோரிக்கையையும் முந்தைய பருவத்தின் மதிப்பெண் பட்டியலையும் கிளையில் கொடுத்த பிறகுதான் அடுத்த தவணை போகும். வட்டியும் அனுப்பிய தொகைக்கு மட்டும், அனுப்பிய நாளிலிருந்துதான் ஏறும். எங்கள் கடனுக்கு 10 சதவீத வட்டி என்பதால் 71,250 ரூபாய்க்கு மாதம் ஏறக்குறைய 594 ரூபாய் சேர்ந்தது. இன்னும் அனுப்பப்படாத 4,98,750 ரூபாய்க்கு வட்டியும் இல்லை, அதை வேறு கல்லூரிக்குத் திருப்பிவிடும் உரிமையும் எங்களுக்கு இல்லை.

புதிய கல்லூரியின் சேர்க்கைக் கடிதத்தோடு கிளைக்குச் சென்றபோது மேலாளர் இதைப் பொறுமையாக விளக்கினார். "சார், காலேஜும் மாறுது, கோர்ஸும் மாறுது, ஃபீஸும் மாறுது. பழைய சாங்ஷன்ல நான் ஒரு ரூபாய்கூட அனுப்ப முடியாது. முதல்ல அங்க போன பணம் லோன் அக்கவுண்ட்டுக்குத் திரும்பி வரணும். அப்புறம் புது விண்ணப்பமா போடுங்க" என்று அப்பாவிடம் சொன்னார். கேட்கும்போது கடினமாக இருந்தாலும் அது நியாயமான பதில் என்றே இன்றும் கருதுகிறேன்.

முதல் கல்லூரியின் கணக்குப் பிரிவில் பணத்தைத் திருப்பிக் கேட்கச் சென்றோம். அங்கிருந்த எழுத்தர் கோப்பைத் திறந்து, ஏற்கெனவே ஒரு விண்ணப்பம் வந்திருப்பதாகக் காட்டினார். தங்கை விலகிக்கொள்வதாகவும், கட்டணத்தைத் தம் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு அனுப்புமாறும் முகவர் கொடுத்த கடிதம் அது. கீழே அப்பாவின் பெயர் இருந்தது. கையெழுத்து அவருடையது அன்று. நல்லவேளையாகப் பணம் இன்னும் போகவில்லை. அங்கேயே அப்பா மறுப்புக் கடிதம் எழுதி, கடன் கணக்கு எண்ணையும் கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் குறிப்பிட்டு, வங்கியிலிருந்து வந்த பணம் அந்தக் கணக்குக்கே திரும்ப வேண்டும் என்று கேட்டார். கடிதத்தின் நகலில் கல்லூரி முத்திரையோடு ஒப்புகை பெற்றுக்கொண்டோம். முகவர்மீது காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். பணம் முகவரின் கணக்குக்குப் போயிருந்தால், கடன் எங்கள் தலையில் அப்படியே நின்றிருக்கும். கட்டணம் கட்டியதற்கான படிப்பும் இருந்திருக்காது.

கல்லூரியும் எங்களை நேர்மையாக நடத்தவில்லை. குறிப்பிட்ட தேதிக்கு முன் விலகும் மாணவரிடம் அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டுமே பிடிக்கலாம் என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் விதி. தங்கை அந்தத் தேதிக்கு முன்பே விலகியும், நிர்வாகச் செலவு என்று சொல்லி 15,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 60,000 ரூபாயைக் கடன் கணக்கில் செலுத்தினார்கள். மீதியைக் கேட்டுக் குழுமத்துக்கு எழுதிய புகார் இன்னும் நிலுவையில் உள்ளது.

இதனால் பழைய கணக்கில் 11,250 ரூபாயும் வட்டியும் எஞ்சின. அதை அப்பா கட்டி முடித்த பிறகே கணக்கை மூடினார்கள். புதிய கல்லூரிக்கு நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து 4,00,000 ரூபாய் என்பதால், பழைய ஒப்புதலைவிட 1,70,000 ரூபாய் குறைவாகப் புதிய கடன் கிடைத்தது. 4 லட்சம் வரை நம் பங்கு தேவையில்லை என்பதால் செலவு முழுவதையும் வங்கியே ஏற்றது. ஆனால் புதிய ஒப்புதல் வருவதற்குள் கட்டணத்துக்கான கடைசித் தேதி வந்துவிட்டதால் முதல் பருவக் கட்டணத்தைக் கைமாற்று வாங்கிக் கட்டினோம். ரசீது காட்டினால் அந்தத் தொகையைத் தருவதாக மேலாளர் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். இது கிளைக்குக் கிளை மாறும். கட்டுவதற்கு முன் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரே கல்லூரிக்குள் பாடப்பிரிவு மட்டும் மாறுபவர்களுக்கு இவ்வளவு சிக்கல் வராது. இருந்தாலும் திருத்திய கட்டண விவரத்தோடு வங்கியின் சம்மதத்தைப் பெற வேண்டும். பெறாவிட்டால் அடுத்த தவணை நின்றுவிடக்கூடும். ஓராண்டு படித்துவிட்டு விலகி, வேறு படிப்பில் சேர நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கான மத்திய அரசின் வட்டி மானியம், மருத்துவக் காரணமின்றிப் படிப்பை இடையில் நிறுத்தியவர்களுக்குக் கிடைக்காது.

மாறுவது உறுதியென்றால் பழைய கல்லூரியில் விலகல் கடிதம் கொடுப்பதற்கு முன்பே வங்கிக்கு எழுதுங்கள். கடிதத்தில் புதிய கல்லூரி, படிப்பு, காலம், கட்டணம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அனுப்பிய தவணையை எந்தக் கணக்கில் திருப்பிச் செலுத்த வேண்டும் என்று கேளுங்கள். எழுத்துமூலப் புகாருக்கு வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம். முகவர் யாரும் அதற்குத் தேவையில்லை.