மணிக்கு 3,000: கிருஷ்ணகிரி வக்கீல் கொடுத்த கடிதம்

அப்பா விட்டுப்போன மாந்தோப்பைப் பாகம் பிரிக்க வழக்குப் போட வேண்டியிருந்தது. தோப்பு காவேரிப்பட்டணம் பக்கம். மூன்று வார லீவில் சிங்கப்பூரிலிருந்து வந்தேன். முதலில் பார்த்த வக்கீல், "ஜெயிச்சா பத்து சென்ட் எழுதிக் கொடுங்க, ஃபீஸே வேண்டாம்" என்றார். சித்தப்பாவுக்கு அது சல்லிசாகப் பட்டது. தீர்ப்பை வைத்து ஃபீஸ் பேசுவதையும் கிடைப்பதில் பங்கு கேட்பதையும் பார் கவுன்சில் விதி தடுக்கிறது. எழுந்து வந்துவிட்டோம்.

அடுத்தவர் ஓசூர் கம்பெனிகளுக்கும் வேலை பார்ப்பவர். இரண்டு பக்கக் கடிதம் நீட்டினார். அவருக்கு மணிக்கு 3,000 ரூபாய், ஜூனியருக்கு 1,200, முன்பணம் 40,000. மாதாமாதம் பில், 15 நாளில் கட்ட வேண்டும். கோர்ட் கட்டணம், வில்லங்கச் சான்று, ஜெராக்ஸ் தனி. எனக்கு நிம்மதி. சித்தப்பாதான், "இவர் வக்கீலா, வாடகைக் காரா?" என்று முனகினார்.

மறுநாள் சித்தப்பாவின் பழைய வரப்புத் தகராறுக்கு வாய்தா. கூடப் போனேன். பத்தரைக்கு வராந்தாவில் நின்றோம். கேஸைக் கூப்பிட்டபோது மூன்றேகால். எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டது, அடுத்த தேதி கொடுத்தார்கள், இரண்டே நிமிடம். என் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன்: "கோர்ட்டில் செலவாகும் நேரம்" என்று மட்டும் இருந்தது. காத்திருப்பும் அதில் சேர்ந்தால் அந்த இரண்டு நிமிடத்துக்கு 14,250 ரூபாய்!

திரும்பப் போய்க் கேட்டதும் வக்கீல் சிரித்துவிட்டார். கோர்ட் நாளுக்கு வாய்தா ஒன்றுக்கு 2,500 என்று மொத்தமாக எழுதினார். பத்திரம் படிப்பது, மனு எழுதுவது, ஆலோசனை மட்டும் மணிக்கணக்கு.

அடுத்தது, குறைந்தபட்சம் 15 நிமிடம் என்ற வரி. 4, 6, 5 நிமிடமாக மூன்று போன் பேசினால் பில்லில் 45 நிமிடம், 2,250 ரூபாய். வெளியூர்க்காரனுக்கு போன்தானே எல்லாம்? ஆறு நிமிடக் கணக்கு கேட்டேன். "சார், அதை நோட்ல எழுதவே ஆறு நிமிஷம் ஆகும்" என்றார். பத்து நிமிடக் கணக்கில் முடிந்தது.

முன்பணம் என்ற சொல்லில்தான் அதிக நேரம் போனது. திருப்பித் தராத தொகையா, பில்லில் கழியும் தொகையா என்று கடிதம் சொல்லவில்லை. ஒவ்வொரு பில்லிலும் கழித்து மீதியைக் காட்டுவது, 10,000-க்குக் கீழே போனால் நான் நிரப்புவது, வழக்கு முடிந்தாலோ வக்கீலை மாற்றினாலோ மிச்சத்தைத் திருப்புவது என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டோம்.

சிங்கப்பூர் திரும்பியபின் முதல் பில் வந்தது. ஜூனியர் ஐந்து மணி நேரம், வக்கீல் இரண்டு மணி நேரம், பத்து நிமிடக் கணக்கில் மூன்று போன். மொத்தம் 13,500, மீதி 26,500. சித்தப்பாவிடம் போனில் வாசித்தேன். "மீட்டர் சரியாத்தான் ஓடுது" என்றார்.