சிரியஸ் விண்மீன் மினுக்குகிறது, வியாழன் ஏன் மினுக்குவதில்லை?

வெறும் கண்ணுக்கு இரண்டும் புள்ளிதான். ஆனால் ஒரு பாகையை 3600 விகலையாகப் பிரித்தால், வியாழனின் வட்டு சுமார் 40 விகலை அகலம். சிரியஸோ வெறும் 0.006 விகலை. அத்தனை சிறிய புள்ளியின் ஒளி காற்றில் ஒரே மெல்லிய பாதையில் இறங்குகிறது. சூடும் குளிருமான காற்றுத் திட்டுகள் குறுக்கே ஓடும்போது மொத்த ஒளியும் ஒருசேரக் கூடிக் குறையும்.

வியாழனின் ஒளிக்கும் இதே கலக்கம் உண்டு. ஆனால் வட்டின் ஒரு பகுதி மங்கும் நேரத்தில் இன்னொன்று பளிச்சிட்டு ஈடுகட்டிவிடும். தொலைநோக்கியில் பாருங்கள், அதன் விளிம்பு கொதிப்பதுபோல் நெளியும்.

மினுக்கினால் விண்மீன், மினுக்காவிட்டால் கோள் என்ற அடையாளத்தை அடிவானத்தருகே மட்டும் நம்ப வேண்டாம். 10 பாகை உயரத்தில் ஒளி, உச்சியில் இருப்பதைவிட ஐந்தரை மடங்கு காற்றைக் கடக்கிறது. அங்கே கோள்களும் சில சமயம் மினுக்கும். சிரியஸோ சிவப்பும் நீலமுமாய் மாறிமாறித் தெறிக்கும்.