ரூமுக்கு டைல்ஸ் எத்தனை: சதுர அடி கணக்கா, வரிசை கணக்கா?

கடையில எப்பவும் சதுர அடி கணக்குதான் போடுவாங்க. 11க்கு 13 ரூம்னா 143 சதுர அடி, 2க்கு 2 டைல் ஒண்ணு 4 சதுர அடி, 36 டைல், வேஸ்டேஜ் 5 சதவீதம் சேர்த்தா 38, பாக்ஸுக்கு 4 வீதம் 10 பாக்ஸ் போதும்னு முடிச்சிடுவாங்க. முதல் தப்பே அங்கதான், 2க்கு 2ன்னு விக்கிறது நிஜத்துல 60 சென்டிமீட்டர்தான், அதாவது சுமார் 3.87 சதுர அடி.

வரிசை கணக்கு வேற மாதிரி. 11 அடின்னா 335 செ.மீ., அஞ்சு முழு டைல் போக 35 செ.மீ. மிச்சம். 13 அடின்னா 396, ஆறு முழு டைல் போக 36 மிச்சம். அந்த 36 செ.மீ. துண்டை வெட்டினா மீதி 24தான் இருக்கும், அது தரையில வேற எந்த ஓரத்துக்கும் பத்தாது, அதனால ஓரத்துல ஒவ்வொரு இடத்துக்கும் புது டைல்தான் வெட்டணும். ஆக 6 பெருக்கல் 7, 42 டைல், உடையறதுக்கு ரெண்டு சேர்த்து 11 பாக்ஸ். பத்து பாக்ஸ் வாங்கினவங்க கடைசி நாள் திரும்ப ஓடுவாங்க, அப்போ அதே பேட்ச் கிடைக்கலன்னா ஷேடு மாறி பளிச்சுனு தெரியும்.

ஓர மிச்சம் அரை டைலுக்கு கம்மியா வந்தா ஒரே டைல்ல ரெண்டு துண்டு எடுக்கலாம், அப்போ சதுர அடி கணக்கே கிட்டத்தட்ட சரியா வரும். இன்னொண்ணு, அந்த 24 செ.மீ. துண்டுகளை தூக்கி போட்டுடாதீங்க, ஒவ்வொண்ணுலயும் 4 இன்ச் ஸ்கர்ட்டிங் ரெண்டு வரும், இந்த ரூமுக்கு ஏறக்குறைய அதுவே போதும்.